சட்டையில் அச்சான வாசகத்தைப் படத்திலிருந்து நீக்க மூன்று வழிகள்: மடிப்பும் நெசவும் எதில் தப்பும்?

படத்தில் இருக்கும் சட்டையிலிருந்து ஒரு வாசகத்தை அழிக்க எந்த மென்பொருளிலும் ஐந்து நிமிடம் போதும். அழித்த இடம் மீண்டும் துணியாகத் தெரிய வேண்டும் என்று கேட்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு மடிப்பு இடப்பக்கமிருந்து வந்து, அழித்த இடத்தில் மறைந்து, வலப்பக்கத்தில் மீண்டும் முளைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் புலப்படாவிட்டாலும் அந்த இடம் கண்ணை உறுத்தும். மடிப்பைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டு நெசவை விட்டுவிட்டாலோ, சட்டையின் நடுவில் மட்டும் மெழுகு பூசியதுபோல ஒரு திட்டு நிற்கும்.

அண்மையில் நான் செய்த ஒரு படத்தை வைத்தே இதற்கான வழிகளை ஒப்பிடுகிறேன். வெளிர் சாம்பல் நிறப் பருத்தி ட்வில் துணியில் தைத்த பணிச்சட்டை அது. அணிந்தவர் சற்றே முன்சாய்ந்து நிற்க, முதுகுப்புறத்திலிருந்து எடுத்த படம், அகலம் 6000 பிக்சல், உயரம் 4000 பிக்சல். முதுகின் நடுவில் சிவப்பு மையில் இரண்டு வரி வாசகம். அதற்கு மேலே, கழுத்துப்பட்டிக்குச் சற்றுக் கீழே, ரப்பர் ஒட்டியதுபோலத் தடித்த கருநீல வட்டச் சின்னம். எழுத்துக் கோடுகளின் தடிமன் சுமார் 32 பிக்சல், வட்டத்தின் விட்டம் 520 பிக்சல். ட்வில் நெசவுக்கே உரிய சாய்வரிகள் ஆறு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில் தெளிவாகத் தெரிந்தன. வலது அக்குளிலிருந்து இடது இடுப்பை நோக்கி இறங்கிய மூன்று மடிப்புகள் வாசகத்தைக் குறுக்கே வெட்டிச் சென்றன. இரண்டு அச்சுகளும் ஒரே சட்டையில், ஒரே வெளிச்சத்தில் இருந்தும், ஒன்றுக்கு உதவிய வழி மற்றதற்கு உதவவில்லை.

நம்முன் இருக்கும் வழிகள் மூன்று. மைக்கு அடியில் இன்னும் பதிவாகியிருக்கும் துணியை அப்படியே மீட்டெடுப்பது முதலாவது. பக்கத்திலிருக்கும் வெற்றுத் துணியை எடுத்து மையின்மேல் ஒட்டுவது இரண்டாவது. ஃபோட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ், பேட்ச் ஆகிய கருவிகள் எல்லாம் இந்த வகைதான். படத்தை மடிப்பு ஓர் அடுக்காகவும் நெசவு ஓர் அடுக்காகவும் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்வது மூன்றாவது. பெரும்பாலோர் இரண்டாவதிலேயே தொடங்கி, அது தோற்றபின் மூன்றாவதற்குப் போகிறார்கள். முதலாவதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. என் அனுபவத்தில் கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மை மறைக்கிறதா, நிறம் மட்டும் ஏற்றுகிறதா?

எழுத்தின் உட்பகுதியை 300 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். துணியில் ஓடும் சாய்வரிகள் எழுத்துக்குள்ளும் தொடர்ந்தால், மடிப்பின் நிழல் எழுத்தைக் கடக்கும்போது எழுத்தும் கருத்து, மேடு வரும்போது மீண்டும் வெளுத்தால், அந்த மை துணியை மறைக்கவில்லை. நிறம் மட்டுமே ஏற்றியிருக்கிறது. இழைக்குள் ஊறிய மெல்லிய அச்சுகள் இப்படித்தான் இருக்கும். மாறாக, எழுத்தின் மேற்பரப்பு வழவழப்பாக, வரியே இல்லாமல், ஆங்காங்கே பளபளப்போடு இருந்தால், இழைகளுக்கு இடையிலிருந்த பள்ளங்களை மை நிரப்பிவிட்டது என்று பொருள். அங்கே மீட்டெடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

என் படத்தில் வாசகம் முதல் வகை, வட்டச் சின்னம் இரண்டாம் வகை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

மறுபாதியைச் சேனல்கள் சொல்லும். வண்ணப்படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் சேர்க்கை. சிவப்பு மை சிவப்பு ஒளியை வெள்ளைத் துணி அளவுக்கே ஏறத்தாழத் திருப்பி அனுப்பும். பச்சையையும் நீலத்தையும்தான் விழுங்கும். ஆகவே சிவப்பு வாசகம் கொண்ட வெளிர் சட்டையின் சிவப்பு சேனலை மட்டும் திறந்து பார்த்தால், வாசகம் ஏறக்குறைய இருக்காது. முதன்முறை இதைப் பார்ப்பவர்கள் வேறு யாரோ முன்பே அழித்து வைத்த படம் என்று நினைப்பதுண்டு. மடிப்பும் நெசவும் எந்தச் சேதமும் இல்லாமல் அங்கே காத்துக்கொண்டிருக்கின்றன.

முதல் வழி: அடியில் இருப்பதை மீட்டல்

என் படத்தின் எண்களைச் சொன்னால் இது தெளிவாகும். மடிப்பின் மேட்டில் வெற்றுத் துணியின் மதிப்பு சிவப்பு 205, பச்சை 206, நீலம் 208. அதற்கு ஒட்டியே இருந்த எழுத்துக்குள் 190, 52, 40. மடிப்பின் பள்ளத்தில் துணி 148, 149, 151. எழுத்து 137, 37, 29. சிவப்பு சேனலில் துணிக்கும் மைக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள்: மேட்டில் 205-ஐ 190-ஆல் வகுத்தால் 1.08, பள்ளத்தில் 148-ஐ 137-ஆல் வகுத்தாலும் 1.08. வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறவில்லை, ஏனெனில் பளபளப்பில்லாத பரப்பில் நாம் காணும் ஒளி என்பது மையின் நிறமும் மடிப்பின் வெளிச்சமும் பெருகிய பெருக்கற்பலன். மையின் பங்கை வகுத்து நீக்கினால் மடிப்பு மட்டும் மிஞ்சும்.

செய்முறையில் இரண்டு சரிசெய்யும் லேயர்கள் போதும். முதலாவது `Channel Mixer`: பச்சை வெளியீட்டுக்குச் சிவப்பு 100, பச்சை 0, நீலம் 0 என்றும், நீல வெளியீட்டுக்குச் சிவப்பு 101, மற்றவை 0 என்றும் கொடுத்தேன். நீலத்துக்கு 101 கொடுத்தது, துணி சற்றே நீலச்சாய்வு கொண்டிருந்ததால். இப்போது எழுத்துகள் சிவப்பு நீங்கி, துணியைவிட ஒரு சாயல் கருத்த சாம்பலாக நின்றன. இரண்டாவது `Levels`: வெண்புள்ளியை 255-இலிருந்து 236-க்கு இழுத்தால் எல்லா மதிப்புகளும் 1.08 மடங்காகும்; 190 என்பது 205 ஆகும், 137 என்பது 148 ஆகும்.

இவ்வழியின் வெற்றி தோல்வி, லேயர் எந்த இடத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்க்கில் இருக்கிறது, அதிலும் எழுத்தின் விளிம்பில் இருக்கிறது. விளிம்புப் பிக்சல் பாதி துணி, பாதி மை. அதன் மதிப்பு ஏறத்தாழ 197, 129, 124. இரண்டு லேயர்களையும் எழுத்தின் வடிவத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரே மாஸ்க்கில் வைத்தால், அந்தப் பிக்சலில் பச்சையும் நீலமும் பாதிதான் திருந்தும். எழுத்தைச் சுற்றி மெல்லிய அழுக்கு இளஞ்சிவப்புக் கோடு ஒன்று மிஞ்சும். சலவையில் போகாத கறைபோல அது தோன்றும். நான் இரண்டுக்கும் வெவ்வேறு மாஸ்க் வைத்தேன். சாம்பல் துணியில் மூன்று சேனல்களும் ஏற்கெனவே ஏறத்தாழ ஒன்றே என்பதால், `Channel Mixer` துணியின்மேல் வழிந்தாலும் கேடில்லை. ஆகவே அதன் மாஸ்க்கை எழுத்துக்கு வெளியே நான்கு பிக்சல் வரை தாராளமாக விரித்தேன். `Levels` மாஸ்க் மட்டும் எழுத்தின் விளிம்போடு நின்றது, விளிம்பின் மென்மையும் அதில் இருந்தது.

அந்தத் துல்லியமான மாஸ்க்கைக் கையால் வெட்ட வேண்டியதில்லை. `Calculations` கட்டளையில் சிவப்பு சேனலையும் பச்சை சேனலையும் `Difference` முறையில் சேர்த்தால், துணியில் வித்தியாசம் 1, எழுத்தில் 100 முதல் 138 வரை. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் ஒளிரும் படம் ஒன்று கிடைக்கும். அதன் வெளிச்சத்தை ஏற்றினால் அதுவே மாஸ்க். எழுத்தின் ஒவ்வொரு பிசிறும், அச்சு விட்டுப்போன ஒவ்வொரு புள்ளியும் அதில் தானாக வந்துவிடும். கையால் வரைந்த எந்த வெட்டும் இதற்கு ஈடாகாது.

வாசகம் முழுவதும் இருபது நிமிடத்தில் மறைந்தது. மூன்று மடிப்புகளையும் நான் தொடவே இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. இந்த வழியின் சிறப்பு இதுதான்: நாம் துணியைக் கற்பனை செய்வதில்லை.

எல்லா நிறச் சேர்க்கையிலும் இத்தனை எளிதாக இராது. வெளிர்நீலச் சட்டையில் கருநீல அச்சு இருப்பதாக வைத்துக்கொள்வோம்: துணி 168, 190, 214, மை 34, 46, 88. சிவப்பு சேனலில் மையை ஐந்து மடங்கு உயர்த்த வேண்டும், நீலத்தில் ஏறத்தாழ 2.4 மடங்கு. ஐந்து மடங்கு உயர்த்தும்போது 34-உம் 35-உம் 168-உம் 173-உம் ஆகிவிடும். இடையில் எதுவும் இல்லை. மடிப்பின் சீரான நிழல் படிக்கட்டுகளாக உடையும், இருளில் ஒளிந்திருந்த புள்ளியிரைச்சலும் ஐந்து மடங்காகும். இங்கே நீல சேனலை மட்டும் எடுத்து 2.4 மடங்கு உயர்த்தி, அதையே மற்ற இரண்டுக்கும் பகிர்ந்து, துணியின் நிற விகிதத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் கேமராவின் ரா கோப்பிலிருந்து 16 பிட்டாக விரித்த படமாக இருந்தால்தான். வெளிர்த் துணியில் முழுக் கறுப்பு மை என்றால் எந்தச் சேனலிலும் வழி இல்லை.

ஜேபெக் கோப்பில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒருமுறை வெகுநேரம் திண்டாடினேன். ஜேபெக் கோப்புகள் பலவற்றில் வெளிச்சம் முழு அளவிலும் நிறம் அதில் பாதி அளவிலும் சேமிக்கப்படுகின்றன. அதனால் சிவப்பு எழுத்தின் நிறம் விளிம்பைத் தாண்டி ஓரிரு பிக்சல் வழியும். `Channel Mixer` மாஸ்க்கை விரித்து வைப்பது அதையும் சேர்த்துத் துடைக்கத்தான். அதைவிடத் தந்திரமானது, எழுத்துக்குள் நெசவு வலுவிழப்பது. நிறத்தின் நுண்விவரம் போய்விட்டதால், மீண்டும் கட்டப்படும் சிவப்பு சேனலுக்கு நெசவு வெளிச்சத்திலிருந்து மட்டுமே கிடைக்கிறது. சிவப்பு மையின் வெளிச்சமோ குறைவு. என் எண்களை வைத்துக் கணக்கிட்டால், அழுத்தமாகச் சுருக்கிய ஜேபெக்கில் எழுத்துக்குள் சாய்வரிகளின் முரண் ஏறத்தாழப் பாதியாகிவிடும். நிறமும் மடிப்பும் சரியாகவே பொருந்தியிருக்க, வாசகம் மட்டும் ஆவிபோல் இன்னும் படிக்கக்கூடியதாக நிற்கும். நெசவை மட்டும் கூர்மையாக்கி அதே மாஸ்க்கில் ஏற்றினால் அது தீரும்; அதற்குத் தேவையான அடுக்கு மூன்றாம் வழியில் கிடைக்கிறது.

இரண்டாம் வழி: பக்கத்துத் துணியை ஒட்டுதல்

குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்துப் பிக்சல்களை அப்படியே இன்னோரிடத்தில் வைக்கும். ஹீலிங் பிரஷ் மூலத்திலிருந்து நெசவை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒட்டும் இடத்தின் ஓரங்களிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு ஹீலிங் பிரஷ்தான் நமக்கு ஏற்றது எனத் தோன்றும். ஆனால் அதன் ஓரம் ஒரு சிவப்பு எழுத்தைத் தொட்ட மாத்திரத்தில், அந்தச் சிவப்பைத் திருத்த வேண்டிய இடம் முழுவதும் இழுத்துப் பரப்பிவிடும். எழுத்தின் விளிம்பைக் குளோனால் முதலில் அறுத்துப் பிரித்துவிட்டு, அதன்பின் உட்பகுதியை ஹீலிங் பிரஷால் நிரப்புவதே சரியான வரிசை.

இந்த வழியில் தவறு நிகழும் இடம் பெரும்பாலும் பிரஷின் மென்மை. தோலைத் திருத்திப் பழகியவர்கள் இங்கேயும் மென்விளிம்புப் பிரஷையே எடுப்பார்கள். நெசவில் அது நேர்மாறாக வேலை செய்யும். ஒட்டிய துணியின் சாய்வரியும் இருந்த துணியின் சாய்வரியும் மூன்று பிக்சல் விலகியிருந்தால், மென்விளிம்பில் இரண்டும் கலந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஒவ்வொரு தொடுகையைச் சுற்றியும் நெசவில்லாத மங்கல் வளையம் உண்டாகும். பிரஷின் கடினத்தை எண்பது சதவீதத்துக்கு மேல் வைத்து, சாய்வரி ஒன்றைக் குறிவைத்து மூலத்தைத் தொட்டு, அதே வரி தொடரும் புள்ளியில் இறக்கி, வரியின் போக்கிலேயே இழுக்க வேண்டும். வரி தொடர்ந்துவிட்டால் கடின விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

மடிப்பின்மேல் துணி திரும்பும்போது வரியின் கோணமும் திரும்பும், இடைவெளியும் சுருங்கும். `Clone Source` பலகத்தில் மூலத்தைச் சுழற்றவும் சிறிதாக்கவும் முடியும். என் சட்டையின் மடிப்புச் சரிவில் ஏழு பாகை சுழற்சி தேவைப்பட்டது. அதே பலகத்தில் படத்தைக் கிடையாகப் புரட்டும் வசதியும் உண்டு, ட்வில் துணியில் அதை மட்டும் தொடவே கூடாது. வலப்பக்கம் ஏறும் சாய்வரி புரட்டினால் இடப்பக்கம் ஏறும். துணியறிந்தவர் ஒருவர் பார்த்தால் ஒரே சட்டையில் இரண்டு துணி என்று உடனே சொல்லிவிடுவார். அரைவட்டம், அதாவது 180 பாகை சுழற்றினால் வரியின் சாய்வு மாறாது. ஆனால் ஒளி வந்த பக்கம் தலைகீழாகிவிடும், மேடு பள்ளமாகத் தெரியும்.

வாசகத்துக்கு இந்த வழியையும் ஒப்புநோக்குவதற்காகச் செய்து பார்த்தேன். முதல் மடிப்பு வரை நன்றாகவே வந்தது. மடிப்பைக் கடக்கும் எழுத்துகளில், அதே சரிவும் அதே நிழலும் கொண்ட வெற்றுத் துணி அருகில் எங்கும் இல்லை. இருந்த ஒரு சிறு பகுதியையே திரும்பத் திரும்ப எடுத்ததால், அதிலிருந்த ஒரு தடித்த இழைமுடிச்சு நான்கு இடங்களில் முளைத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் செலவழித்துப் பெற்றது, இருபது நிமிடத்தில் கிடைத்ததைவிடத் தாழ்வாகவே இருந்தது.

மூன்றாம் வழி: மடிப்பையும் நெசவையும் பிரித்தல்

படத்தின் ஒரு நகலை மங்கலாக்கினால் நெசவு கரைந்து மடிப்பு மட்டும் நிற்கும். மூலப்படத்திலிருந்து அந்த மங்கலைக் கழித்தால், நடுச்சாம்பல் நிறப் பரப்பில் நெசவு மட்டும் நிற்கும். இரண்டையும் மீண்டும் அடுக்கினால் மூலப்படம் திரும்பிவரும். ஃபோட்டோஷாப்பில் மேலடுக்குக்கான அமைப்பு இது:

```
8 bit : Apply Image, Subtract, Scale 2, Offset 128
16 bit: Apply Image, Add, Invert, Scale 2, Offset 0
Blend mode: Linear Light
```

கிம்ப்பில் `Grain extract`, `Grain merge` என்ற இரண்டும் இதையே செய்கின்றன. `Wavelet decompose` ஒரே கட்டளையில் பல அடுக்குகளாகப் பிரித்தும் தரும்.

எவ்வளவு மங்கலாக்குவது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சாய்வரியின் இடைவெளி ஆறு பிக்சல் என்றால் `Gaussian Blur` அளவை ஆறிலிருந்து எட்டுக்குள் வைத்தேன். வரி முழுவதும் கரைந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். இருபதுக்கு ஏற்றினால் நெசவு மட்டுமன்றி மடிப்பின் கூரிய முகடும் மேலடுக்குக்கு ஏறிவிடும். பிறகு மேலடுக்கில் வெற்று நெசவை ஒட்டும்போது அந்த முகடு அழிந்துபோய், துணிக்கு அடியில் பஞ்சு வைத்துத் தைத்ததுபோல மடிப்பு உருண்டையாகத் தெரியும்.

பிரித்தபின் மேலடுக்கில் குளோன் வேலை இலகுவாகிவிடும், ஏனெனில் அங்கே நிழலும் இல்லை, நிறமும் இல்லை. முதுகின் எந்த மூலையிலிருந்தும் நெசவை எடுக்கலாம், கோணம் மட்டும் பொருந்தினால் போதும். கீழடுக்கில்தான் வாசகத்தின் மங்கிய சாயல் தங்கியிருக்கும். அதை மடிப்பின் போக்கை அறிந்து திருத்த வேண்டும். வாசகம் என்பதில் ஒரு வசதி உண்டு. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையில், சுழிகளுக்கு உள்ளே, உண்மையான துணி தெரிகிறது. 32 பிக்சல் கோட்டின் இருபுறமும் உண்மை மதிப்பு தெரிந்தால், நடுவில் நிழல் எப்படிப் போயிருக்கும் என்பதை ஊகிப்பது அரிதல்ல. மை கறுப்பாக இருந்து முதல் வழி அடைபட்டிருந்தால், வாசகத்துக்கு நான் இதைத்தான் தேர்ந்திருப்பேன்.

520 பிக்சல் முழுவட்டத்தில் அந்த வசதி இல்லை. உள்ளே ஒரு புள்ளி துணிகூடத் தெரியவில்லை, எல்லாம் பளபளக்கும் கருநீலம். தடித்த அச்சு இன்னொரு தொல்லையும் செய்திருந்தது. அந்த இடத்தில் துணி அட்டைபோல விறைத்துவிட்டதால், மேலிருந்து வந்த இரண்டு சிறு மடிப்புகள் வட்டத்தின் விளிம்பை அடைந்ததும் நின்றுவிட்டன, மூன்றாவது ஒன்று விளிம்போடு வளைந்து போயிற்று. நீலத்தை மட்டும் நீக்கிவிட்டால், காரணமே இல்லாமல் வட்டமாக ஒதுங்கும் மடிப்புகள் மிஞ்சும். சின்னம் இருந்த இடத்தை அவையே காட்டிக்கொடுக்கும். விளிம்பின் தடிமன் வீழ்த்திய எட்டுப் பிக்சல் நிழலும் வெளியே இருந்தது.

ஆகவே அழிக்கும் எல்லையை வட்டத்துக்கு வெளியே முப்பது பிக்சல் வரை விரித்தேன். கீழடுக்கில் முதலில் சமதளமான நிழலை நிரப்பினேன். மேலிருந்து வரும் வெளிச்சம் படிப்படியாகக் குறைவதை, மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் படித்த மதிப்புகளுக்கு இடையே ஒரு கிரேடியன்டாக இட்டேன். பிறகு ஒரு மடிப்பை மட்டும் வட்டத்தின் ஊடாகக் கொண்டுசென்றேன்: உள்நுழையும் இடத்தில் 90 பிக்சல் அகலம், வெளியேறும் இடத்தில் 60, பள்ளத்தின் மதிப்பு 148, ஒளிபடும் முகடு 214. மற்றொன்றை விளிம்பைத் தாண்டியவுடன் மெல்லத் தேயவிட்டேன், ஏனெனில் எதிர்ப்பக்கத்தில் அதற்குத் தொடர்ச்சி எதுவும் இருக்கவில்லை. வளைந்து ஒதுங்கிய மூன்றாவதை அடியோடு நீக்கினேன். இதெல்லாம் மீட்டல் அல்ல, வரைதல்தான். அதை மறைக்கத் தேவையில்லை. மேலடுக்கில் நெசவை ஒட்டும்போது, வரைந்த மடிப்பின் சரிவில் வரியைச் சற்றுச் சுழற்றி நெருக்கமாக்கினேன். இதைச் செய்யாவிட்டால், மடிப்பு துணியின் வளைவாகத் தெரியாமல், சமதளத் துணியின்மேல் விழுந்த நிழலாகத் தெரியும்.

வட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதே வகைச் சட்டை அச்சில்லாமல் கையில் இருந்து, அணிந்தவரும் கிடைப்பவராக இருந்திருந்தால், அதை அணிவித்து அதே வெளிச்சத்தில் மீண்டும் ஒருமுறை எடுப்பதே குறைந்த செலவு என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். தடித்த, முழுமையாக மூடிய, துணியின் மடிப்பையே மாற்றிவிட்ட அச்சு என்றால் மறுபடப்பிடிப்பையும் நான்காவது வழியாக எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டையை உட்புறம் வெளியாக அணியச் சொல்லும் குறுக்குவழி தையல் விளிம்புகளால் தோற்கும். ட்வில் துணியின் பின்முகத்தில் சாய்வரியும் எதிர்ப்பக்கம் சாயும்.

எந்த அளவில் பார்க்கப்போகிறார்கள்?

இத்தனை உழைப்பும் தேவையா என்பதை இறுதிப் படத்தின் அளவு தீர்மானிக்கும். 6000 பிக்சல் படத்தை 1000 பிக்சலாகச் சுருக்கி வெளியிடப் போவதாக இருந்தால், ஆறு பிக்சல் சாய்வரி ஒரு பிக்சலாகிவிடும். அந்த அளவில் நெசவு என்பதே இல்லை. மடிப்பை மட்டும் கீழடுக்கில் சரிசெய்து, மேலே சிறிது புள்ளியிரைச்சல் தூவினால் போதும், சாய்வரியைத் துரத்தத் தேவையில்லை. அச்சுக்குப் பெரிதாகப் போகும் படம் என்றால்தான் வரிக்கு வரி பொருத்த வேண்டும். வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. நான் சில தடவை கடைசியில் கேட்டிருக்கிறேன்.

சரிபார்க்கும்போது மடிப்பையும் நெசவையும் ஒரே பெரிதாக்கத்தில் பார்ப்பது வீண். மடிப்பை 25 சதவீதத்தில், படத்தைக் கிடையாகப் புரட்டிவைத்துப் பார்க்கிறேன். பழகிய கண்ணுக்குத் தப்பிய முறிவு அப்போது தெரியும். நெசவை 100 சதவீதத்தில் மட்டுமே பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக இரண்டு லேயர் வைப்பதுண்டு: ஒன்று முரணைக் கடுமையாக ஏற்றும் `Curves`, மற்றது நிறச்செறிவை உச்சத்துக்கு ஏற்றும் `Hue/Saturation`. முதலாவது ஒட்டிய இடத்தின் வெளிச்ச வேறுபாட்டைக் காட்டும். இரண்டாவது, சாம்பல் துணி என்று நாம் நம்பிய இடத்தில் எஞ்சியிருக்கும் சிவப்பைக் காட்டும். என் படத்தில் முதலாவது எதையும் காட்டவில்லை. இரண்டாவதை வைத்ததும், வாசகத்தின் இரண்டாம் வரியில் கடைசி எழுத்தின் கீழ்விளிம்பில் மட்டும், மடிப்பின் ஆழ்ந்த பள்ளத்துக்குள், ஆறேழு பிக்சல் நீளத்துக்கு இளஞ்சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. நிழல் ஆழமாக இருந்ததால் அங்கே சிவப்புக்கும் பச்சைக்கும் இருந்த வித்தியாசம் மிகக் குறைந்து, மாஸ்க் அந்த இடத்தைப் பிடிக்காமல் விட்டிருந்தது. `Channel Mixer` மாஸ்க்கில் வெள்ளைப் பிரஷால் ஒரே தீற்றுத் தீற்றியதும் அதுவும் போயிற்று.